அம்மாவின் ரத்த ரிப்போர்ட்டில் மூன்று L

"அண்ணே, நான் டொரொண்டோ வந்து கொஞ்ச நாள்தான். ஹட்டனில் அம்மாவுக்கு எடுத்த ரத்த ரிப்போர்ட்டைத் தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். எல்லாம் இங்கிலீஷ், பாதி வெறும் எழுத்துகள். மூன்று இடத்தில் L என்று இருப்பதைப் பார்த்து அம்மா பயப்படுகிறார். தமிழில் என்ன எழுதி அனுப்பட்டும்?"

தம்பி, நீங்கள் காட்டிய படத்தைப் பார்த்தேன். அந்த மூன்று L-உம் ஒன்றல்ல. Hb என்பது ஹீமோகுளோபின், MCV என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன்; அந்த இரண்டு வரிகளிலும் எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது, அந்த லேப் போட்டிருக்கும் எல்லையை விடக் குறைவு என்பதற்கான அடையாளம். கீழே N 62%, L 30% என்று வருவதோ லிம்போசைட், வெள்ளையணுக்களில் ஒரு வகை. அங்கே "குறைவு" என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது, தாள் மடிந்த இடம். MCV 70.9-ஆ 76.9-ஆ என்று படத்தில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஊகிக்க வேண்டாம், கணக்குப் போட்டே பார்க்கலாம். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று காட்டும் PCV-ஐ, சிவப்பணு எண்ணிக்கையான RBC-ஆல் வகுத்துப் பத்தால் பெருக்கினால் MCV வரும். உங்கள் ரிப்போர்ட்டில் 31.2-ஐ 4.40-ஆல் வகுத்துப் பெருக்கினால் 70.9. ஆனாலும் தாளைச் சமமாக விரித்து, பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவின் பெயரும் திகதியும் அதில் விழ வேண்டும்.

அலகையும் மாற்றாதீர்கள். கனடாவில் Hb-ஐ g/L-இல் போடுவார்கள், அதனால் இங்கே 98 என்று வருவது அங்கே 9.8 g/dL. இங்குள்ள எல்லையோடு 9.8-ஐ ஒப்பிட்டால் வீணாகப் பதறிப் போவீர்கள்.

சரி, எழுத வேண்டியது இவ்வளவுதான்: "ஹீமோகுளோபின் 9.8 g/dL. லேப் எல்லை 11.5 முதல் 16.0. எல்லையை விடக் குறைவு. சிவப்பணுவின் சராசரிப் பருமன் 70.9 fL. லேப் எல்லை 80 முதல் 100. எல்லையை விடக் குறைவு." மற்ற வரிகளையும் இதே மாதிரி எழுதுங்கள்.

"இரும்புச்சத்துக் குறைவு" என்று நீங்களாக ஒரு வார்த்தை சேர்த்தால் அது மொழிபெயர்ப்பு அல்ல, நோயைத் தீர்மானிப்பது. இந்த ரிப்போர்ட்டில் அப்படி எங்கேயும் எழுதியில்லை. சிவப்பணு சிறுத்திருக்க இரும்புக் குறைவும் காரணமாகலாம், பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறும் காரணமாகலாம். அதைப் பிரித்தறிய, உடலில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் பெரிட்டின் மாதிரி வேறு பரிசோதனை வேண்டும். நீங்கள் இரும்பு என்று எழுதினால், பக்கத்து லயத்தில் யாரிடமாவது இருக்கும் குளிசையை வாங்கி அம்மா விழுங்க ஆரம்பித்துவிடுவார். இரும்பு எங்கே போகிறது என்று, உள்ளே எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டிய வேலையும் தள்ளிப்போகும்.

அம்மா "இது ஆபத்தா?" என்று கேட்டால், "ரெண்டு எண் குறைவாக இருக்கிறது, ஏன் என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும்" என்று நேராகச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் கேளுங்கள்: மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, தலை சுற்றி விழப் பார்க்கிறாரா, மலம் கறுப்பாகப் போகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாள் வரும்வரை இருக்க வேண்டாம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். போகும்போது உங்கள் தமிழ்த் தாளோடு அசல் ரிப்போர்ட்டையும் தங்கச்சி கையில் கொண்டு போக வேண்டும், டொக்டர் அதைத்தான் பார்ப்பார்.