யு.ஜே.டி. ஆசிலேட்டர்: 1000 ஹெர்ட்ஸுக்குப் பதில் 800 ஏன்?

"வேலூர்ல பாலிடெக்னிக் படிக்கிறேன். 2N2646, 12 வோல்ட், 10 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட். 1/RC போட்டா 1000 ஹெர்ட்ஸ் வருது, ஸ்கோப்ல 800தான். பார்ட் கெட்டதா?"

பார்ட் நல்லாவே இருக்கிறது தம்பி. 1/RC என்பது, கெப்பாசிட்டர் சப்ளையில் 63 சதவீதம் ஏறியதும் யு.ஜே.டி. சுடும் என்று வைத்துக்கொண்ட கணக்கு. அந்த அளவைத் தீர்மானிப்பது ஈட்டா. 2N2646-இல் அது 0.56 முதல் 0.75 வரை பார்ட்டுக்குப் பார்ட் மாறும். அதோடு, அலை பூஜ்ஜியத்துக்கு இறங்குவதும் இல்லை.

எமிட்டரில் ஸ்கோப்பை வைத்து அலையின் உச்சியையும் அடியையும் படியுங்கள். உச்சி 9 வோல்ட், அடி 1.5 வோல்ட் என்று வைப்போம்:

```
T = RC ln((12-1.5)/(12-9))
  = 1 ms × ln 3.5 = 1.25 ms
f = 800 Hz
```

காட்பாடியில் நான் லேப் பார்த்த காலத்தில் பாதி ரெக்கார்டு நோட்டில் இதே 1000தான் இருக்கும்!

அப்புறம், வேகம் கூட்ட 10 கிலோவை 1 கிலோவாக்கிவிடாதீர்கள். 10 மில்லிஆம்பியர் ஓடும். அதில் பல பார்ட்டுகள் ஆன் ஆனபடியே நின்றுவிடும், ஸ்கோப்பில் அலை போய் நேர்கோடுதான் தெரியும். 3 கிலோவுக்குக் கீழே போகாமல் கெப்பாசிட்டரைக் குறையுங்கள்.