72 மைக்ரோஆம்பியர் எங்கே போனது?

கேள்வி: மின்னழுத்தப் பகிர்வு பயாஸ் கணக்கு ஒன்று போட்டேன். 12 வோல்ட், R1 47 கிலோஓம், R2 10 கிலோஓம், RC 3.3 கிலோஓம், RE 1 கிலோஓம், பீட்டா 100. கையால் போட்டால் கலெக்டர் மின்னோட்டம் 1.286 மில்லிஆம்பியர். ஸ்பைஸில் 1.214 வருகிறது. போதாக்குறைக்கு 12 வோல்ட் சப்ளையின் மின்னோட்டம் மைனஸில் காட்டுகிறது. நான் எங்கே தவறு செய்தேன்?

பதில்:

நீங்கள் எங்கும் தவறு செய்யவில்லை. ஸ்பைஸும் செய்யவில்லை. நீங்கள் தீர்த்ததும் அது தீர்த்ததும் ஒரே மின்சுற்று அல்ல, அவ்வளவுதான். படத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். டிரான்சிஸ்டர் என்று நீங்கள் எடுத்துக்கொண்டது ஒன்று, அது எடுத்துக்கொண்டது வேறொன்று.

இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. "மாடல் வேறு, அதனால் விடை வேறு" என்பதைப் பலரும் சொல்லிவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தின் பின்னால் உண்மையான பிழைகளும் ஒளிந்துகொள்ளும். உங்களுக்குக் குறைகிற 72 மைக்ரோஆம்பியர் முழுவதற்கும் கணக்குக் காட்ட முடிந்தால்தான் சரிபார்த்தோம் என்று அர்த்தம். இந்தக் கணக்கில் அது முடியும்.

முதலில் உங்கள் கையில் உள்ள விடை. R1, R2 இரண்டையும் தெவெனின் சமானமாக மாற்றினால் 2.105 வோல்ட்டும் 8.246 கிலோஓமும் கிடைக்கும். பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் 0.7 வோல்ட் என்று வைத்தால்,

```
IB = (2.105 - 0.7) / (8.246k + 101*1k) = 12.86 uA
IC = 100 * IB = 1.286 mA
```

இதில் குறை எதுவும் இல்லை. இப்போது ஸ்பைஸுக்கு நீங்கள் கொடுத்திருக்கக்கூடிய நெட்லிஸ்ட்:

```
bias check
VCC vcc 0 12
R1 vcc b 47k
R2 b 0 10k
RC vcc c 3.3k
RE e 0 1k
Q1 c b e QX
.model QX NPN(BF=100)
.op
.end
```

போகிற போக்கில் ஒன்று: முதல் வரியை ஸ்பைஸ் எப்போதும் தலைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அங்கே `VCC` வரியை எழுதிவிட்டால் அது மின்சுற்றில் சேராது. சப்ளையே இல்லாமல் எல்லா முனையிலும் பூச்சியம் வரும். படமாக வரைந்து ஓட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கையால் நெட்லிஸ்ட் எழுதுபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

`.model` வரியைப் பாருங்கள். பீட்டாவை மட்டும் சொல்லியிருக்கிறோம். 0.7 வோல்ட் என்று எங்கேயும் சொல்லவில்லை. சொல்வதற்கு அப்படி ஓர் இடமும் இல்லை. ஸ்பைஸில் பேஸ்-எமிட்டர் சந்தி ஓர் அடுக்குக்குறி வளைகோடு. அது எங்கே தொடங்கும் என்பதை `IS` என்ற செறிவு மின்னோட்டம் தீர்மானிக்கிறது. நாம் அதைக் கொடுக்காவிட்டால் ஸ்பைஸ் தானாகவே 1e-16 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளும். வெப்பநிலையும் நாம் சொல்லாவிட்டால் 27 டிகிரி செல்சியஸ். அப்போது வெப்ப மின்னழுத்தம் 25.86 மில்லிவோல்ட். ஆகவே,

```
VBE = 0.02586 * ln(1.214e-3 / 1e-16) = 0.779 V
```

உங்கள் 0.7 இங்கே 0.779 ஆகிவிட்டது. 79 மில்லிவோல்ட் அதிகம். இந்த 79 மில்லிவோல்ட் கலெக்டர் மின்னோட்டத்தை எவ்வளவு குறைக்கும் என்பதை உங்கள் சமன்பாடே சொல்லும். VBE ஒரு வோல்ட் உயர்ந்தால் IC குறையும் அளவு 100 / 109.2k, அதாவது 0.915 மில்லிஆம்பியர். அதை 0.079-ஆல் பெருக்குங்கள்: 0.072 மில்லிஆம்பியர். காணாமல் போன 72 மைக்ரோஆம்பியர் முழுவதும் இதோ இருக்கிறது. மிச்சமில்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் எதிர்ப்பக்கமாகச் சோதித்துப் பாருங்கள். 1.286 மில்லிஆம்பியர் ஓடும்போது சரியாக 0.7 வோல்ட் வர `IS` எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டால் 2.27e-15 என்று வரும். மாடல் வரியை மட்டும் இப்படி மாற்றுங்கள்:

```
.model QX NPN(BF=100 IS=2.27e-15)
```

இப்போது ஸ்பைஸ் 1.286 மில்லிஆம்பியர் காட்டும். கலெக்டர் முனையில் 7.755 வோல்ட் இருக்கும். கைக்கணக்கோடு கடைசி இலக்கம் வரை பொருந்தும். நான் யாருக்குச் சொன்னாலும் இந்த வரிசையைத்தான் சொல்வேன்: முதலில் ஸ்பைஸை உங்கள் அனுமானங்களுக்குள் கொண்டுவந்து, உங்கள் விடையையே அது திருப்பிச் சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால் உங்கள் இயற்கணிதம் சரி. பிறகு அனுமானங்களை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். ஒவ்வொரு தளர்வும் எண்ணை எவ்வளவு நகர்த்துகிறது என்பது தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

அந்த அடுத்த படியையும் செய்து பார்ப்போம். ஓர் உண்மையான சிறு டிரான்சிஸ்டரின் மாடலில் `IS=1e-14 BF=200 VAF=100` போன்ற மதிப்புகள் இருக்கும். அவற்றைப் போட்டால் 1.38 மில்லிஆம்பியர் வருகிறது. முன்பு குறைந்தது, இப்போது கூடிவிட்டது. VBE 0.662 ஆக இறங்கியதும் பீட்டா இரட்டித்ததும் சேர்ந்து செய்த வேலை இது. இங்கே `VAF` கலெக்டர் மின்னழுத்தத்துக்கேற்ப பீட்டாவையும் சற்று உயர்த்தி 211 ஆக்குகிறது. `BF` 200 என்று எழுதியதால் ஓடுகிற பீட்டா 200 என்று எண்ணிவிடக் கூடாது. பீட்டா இரு மடங்குக்கு மேல் போயும் மின்னோட்டம் 7 சதவீதம்தான் நகர்ந்திருக்கிறது, அதிலும் ஒரு பகுதி VBE-யின் பங்கு. எமிட்டர் மின்தடை எதற்காக இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கும் இடம் இது.

இனி அந்த மைனஸ். மின்னழுத்த மூலத்தின் வழியே ஓடும் மின்னோட்டத்தை ஸ்பைஸ் பிளஸ் முனையில் உள்ளே நுழைந்து மைனஸ் முனையில் வெளியேறுவதாக அளக்கிறது. மின்தடைக்கும் அதே வழக்கம்தான். மூலம் மின்சுற்றுக்கு ஆற்றல் கொடுக்கும்போது மின்னோட்டம் பிளஸ் முனையிலிருந்து வெளியே போகிறது, ஆகவே குறி எதிர்மறை. உங்களுக்கு -1.43 மில்லிஆம்பியருக்கு அருகில் காட்டியிருக்கும். கலெக்டர் வழியே 1.214, R1 வழியே 0.213, கூட்டினால் 1.427. எண் சரி, திசையை எழுதும் மரபு மட்டுமே வேறு. எல்டிஸ்பைஸில் மின்தடைகளிடமும் எச்சரிக்கையாக இருங்கள்: படத்தில் மின்தடையை 180 டிகிரி திருப்பி வைத்தால் அதன் மின்னோட்டத்தின் குறி மாறிவிடும், மின்சுற்றில் எதுவும் மாறாமலேயே. குறியில் சந்தேகம் வந்தால் முனை மின்னழுத்தங்களை மட்டும் நம்புங்கள். மின்னோட்டத்தின் திசையை அவற்றிலிருந்து நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

உங்கள் வேறுபாடு 5.6 சதவீதம். இப்படிச் சில சதவீத வேறுபாடு என்றால் மாடலைப் பாருங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் இரண்டு எண்களையும் கழிக்காமல் வகுத்துப் பாருங்கள். ஈவே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். 1.414 என்றால் உச்ச மதிப்பையும் ஆர்.எம்.எஸ். மதிப்பையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள், `SIN` மூலத்தில் எழுதுவது உச்ச மதிப்பு. 6.28 என்றால் ஒரு பக்கம் ஹெர்ட்ஸ், மறுபக்கம் வினாடிக்கு ரேடியன்.

விடை அடையாளமே தெரியாமல் போயிருந்தால் `M` எழுத்தைத் தேடுங்கள். ஸ்பைஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். `1M` என்று எழுதினால் அது ஒரு மில்லிஓம். மெகாஓம் வேண்டுமென்றால் `1MEG`. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு. ஒரு முறை ஓர் ஒப்-ஆம்ப் மின்சுற்றின் பின்னூட்ட மின்தடையில் இதை எழுதிவிட்டு, வெளியீடு ஏன் பூச்சியமாகவே நிற்கிறது என்று ஒரு மாலை முழுவதும் ஒப்-ஆம்ப் மாடலைக் குடைந்துகொண்டிருந்தேன். கெப்பாசிட்டரில் `1F` என்று எழுதினாலும் இதே கதைதான். அது ஒரு ஃபாரட் அல்ல, ஒரு ஃபெம்டோஃபாரட்.

இந்தக் கணக்கின் அடுத்த பகுதி பெரும்பாலும் பெருக்கம் கேட்பதாக இருக்கும், அங்கே நீங்கள் மறுபடி தடுமாறக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். எமிட்டருக்கு 100 மைக்ரோஃபாரட் பைபாஸ் கெப்பாசிட்டரும் உள்ளீட்டில் 10 மைக்ரோஃபாரடும் போட்டு, 1 கிலோஹெர்ட்ஸில் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கைக்கணக்கில் 1.286 மில்லிஆம்பியரை 26 மில்லிவோல்ட்டால் வகுத்து 3.3 கிலோஓமால் பெருக்கினால் 163. முதல் மாடலோடு ஸ்பைஸ் காட்டுவது 155-க்கு மிக அருகில். இது புதிய வேறுபாடு அல்ல. அதே 72 மைக்ரோஆம்பியர் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் வழியாக இங்கே வந்து நிற்கிறது. ஒரு கணக்கின் பிற்பகுதியில் எண்கள் ஒத்துப்போகாவிட்டால் முதலில் `.op` விடைக்குத் திரும்பிப் போவது இதனால்தான்.

`AC 1` என்று மூலத்தில் கொடுத்து `.ac` ஓட்டினால் 12 வோல்ட் சப்ளை உள்ள மின்சுற்றில் வெளியீடு 155 வோல்ட் என்று காட்டும். பதற வேண்டாம். `.ac` செயல்படு புள்ளியில் மின்சுற்றை நேர்கோடாக்கிவிட்டுத் தீர்க்கிறது; அதற்குச் சப்ளையின் எல்லை தெரியாது. உள்ளீடு ஒன்று என்பதால் வெளியீட்டை அப்படியே பெருக்கம் என்று படிக்கலாம். ஆனால் `.tran` ஓட்டும்போது அதே 1 வோல்ட்டைக் கொடுத்தால் அலை இருபுறமும் வெட்டுப்படும். 10 மில்லிவோல்ட் உச்சம் கொடுத்தாலே, வெப்ப மின்னழுத்தமான 26 மில்லிவோல்ட்டோடு ஒப்பிட அது சிறிதல்ல என்பதால், அலையின் கீழ்ப்பாதி நீண்டு கூர்மையாகவும் மேல்பாதி மழுங்கியும் நிற்கும். அந்த அலையின் உச்சத்தை 10-ஆல் வகுத்துப் பெருக்கம் என்று எழுதினால் எந்தப் பாதியை அளந்தீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். 1 மில்லிவோல்ட் கொடுத்து அளங்கள். `.ac` சொன்ன எண்ணே வரும்.