விலகியதைச் சொல்லலாம், விலை கேட்கச் சொல்லலாமா?

கேள்வி: டிஜிட்டல் விளம்பர ஏஜென்சி ஒன்றில் ஆறு வருடமாகக் கிளையன்ட் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். ராஜினாமா கொடுத்தாயிற்று, அடுத்த மாதம் இன்னொரு ஏஜென்சியில் சேர்கிறேன். லிங்க்ட்இனில் போட எழுதியதை இணைத்திருக்கிறேன். பழைய முதலாளியும் கிளையன்ட்களும் கோபித்துக்கொள்ளாமல் இருக்க எதை மாற்ற வேண்டும்? – பெயர் வேண்டாம், கோவை

பதில்: நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். மூன்றை எடுத்துவிடுங்கள்.

முதல் வரி: ‘என் திறமைக்கு மதிப்புத் தரும் இடத்துக்கு வந்துவிட்டேன்.’ அப்படியென்றால் இதுவரை இருந்த இடம் மதிப்புத் தரவில்லை என்றுதானே அர்த்தம்? பெயர் சொல்லாவிட்டாலும் படிக்கிற எல்லோருக்கும் அது யார் என்று தெரியும். உங்கள் ப்ரொஃபைலிலேயே இருக்கிறதே!

இரண்டாவது வரி இன்னும் மோசம். உங்கள் கிளையன்டான பம்ப்செட் நிறுவனத்தை டேக் செய்து, ‘இவர்களின் ஆன்லைன் விசாரணைகளை ஒரே ஆண்டில் மூன்று மடங்காக்கினேன்’ என்கிறீர்கள். அது உங்கள் சாதனையாக இருக்கலாம், ஆனால் எண் அவர்களுடையது. பக்கத்துத் தெருவில் பம்ப்செட் செய்கிற போட்டியாளரும் அதைப் படிப்பார். நீங்கள் கையெழுத்துப் போட்ட ரகசியக் காப்பு நிபந்தனையும் பெரும்பாலும் இந்த மாதிரி எண்களைப் பற்றியதுதான்.

மூன்றாவது: ‘பழைய கிளையன்ட் நண்பர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள், நல்ல விலை தருகிறேன்.’ சட்டம் நுழைகிற இடம் இது. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரவே கூடாது என்ற நிபந்தனை, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் முன்னால் பொதுவாக நிற்பதில்லை. அதனால் சேருவதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் பழைய வாடிக்கையாளர்களை இழுக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் ரகசியக் காப்பையும் நீதிமன்றங்கள் அப்படி ஒரே வீச்சில் தள்ளிவிடுவதில்லை. வழக்குக்கு வழக்கு பார்க்கின்றன. ஒப்பந்தத்தை எடுத்து அந்த இரண்டு பத்திகளை மட்டும் இன்று படியுங்கள்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் 2017இல் இப்படி ஒரு வழக்கு வந்தது. கொள்கலன் வாடகை நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பெண் போட்டி நிறுவனத்தில் சேர்ந்து, லிங்க்ட்இனில் அதை அறிவித்ததோடு, விலை கேட்டு என்னை அழையுங்கள் என்றும் போட்டார். புது வேலையை அறிவிப்பது வேறு, விற்பனைக்கு அழைப்பது வேறு என்று பிரித்துப் பார்த்த நீதிமன்றம் அவருக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தீர்ப்பு நம் ஊரைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனால் உங்கள் மூன்றாவது வரி அச்சு அசல் அதே வரி.

மிஞ்சுவது நான்காவது வரி, நன்றி சொல்வது. அதையே கொஞ்சம் விரித்து இப்படிப் போடலாம்: ‘ஆறு ஆண்டுகள் (பழைய ஏஜென்சி பெயர்) நிறுவனத்தில் இருந்தேன். ஒன்றும் தெரியாமல் வந்த என்னிடம் பெரிய கணக்குகளை நம்பிக் கொடுத்தார்கள். இன்று முதல் (புதிய ஏஜென்சி பெயர்) நிறுவனத்தில் ஏற்றுமதியாளர்களுக்கான பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன்.’ அவ்வளவுதான். கிளையன்ட் பெயரும் வேண்டாம், டேக்கும் வேண்டாம்.

அப்புறம், எப்போது போடுவது? நீங்கள் இன்னும் நோட்டீஸ் காலத்தில் இருக்கிறீர்கள். அது முடியும்வரை பழைய ஏஜென்சியின் சம்பளக்காரர்தான். கடைசி நாள் முடிந்து, ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்த பிறகு ப்ரொஃபைலைத் தொடுங்கள். புது வேலையைச் சேர்க்கும்போது Notify network என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிட்டுச் சேமியுங்கள். இல்லையென்றால் நீங்கள் பதிவு எழுதி முடிப்பதற்குள் லிங்க்ட்இன் உங்கள் தொடர்புகளுக்குத் தானாகவே சொல்லிவிடலாம்.

கிளையன்ட்கள் கோபப்படுவது நீங்கள் போவதற்காக அல்ல. தீபாவளி விளம்பரம் பாதியில் நிற்கும்போது, கணக்கைப் பார்ப்பவர் போய்விட்டார் என்று ஃபீடில் தெரிந்துகொள்வதற்காகத்தான். ஆகவே மேலாளரிடம் பேசி, உங்கள் கணக்குகள் ஒவ்வொன்றையும் இனி யார் பார்ப்பார் என்று மேலாளர் பெயரிலேயே கிளையன்ட்களுக்கு மெயில் போகச் சொல்லுங்கள். அது போன பிறகு நீங்களும் ஒரு போன் செய்து விடைபெறலாம். விடை மட்டும்.

பதிவின் கீழே யாராவது, ‘நாங்களும் உங்களோடு வருகிறோம் சார்!’ என்று எழுதுவார்கள். அதற்கு லைக் போடாதீர்கள், உங்கள் பழைய முதலாளி அதைத்தான் முதலில் பார்ப்பார். தனியாக வந்து கேட்டால், ‘ஒப்பந்தப்படி இதைப் பற்றி நான் இப்போது பேச முடியாது. நடப்பு வேலைக்குப் புதிதாக வந்திருப்பவரை அழையுங்கள்’ என்று எழுதிவிடுங்கள். அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள், பின்னால் யாராவது கேட்டால் காட்டலாம்.