பில் போடும் பையனிடம் ஈ-வே பில்லை ஒப்படைக்கலாமா?

கேள்வி: செங்கோட்டையில் ஒரு பாத்திரக் கிடங்கில் மேலாளராக இருக்கிறேன். புனலூர், கொல்லம் கடைகளுக்குச் சரக்கு போகிறது. பில், சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணமான ஈ-வே பில், வசூல் எல்லாம் பையன்கள் முடித்தாலும் நானே மறுபடி பார்க்கிறேன். தவறு வந்தால் முதலாளி என்னைத்தான் கேட்பார். பையன்களுக்குப் பொறுப்பே இல்லை. என்ன செய்வது?

பதில்: அவர்கள் முடித்த வேலையை நீங்கள் மறுபடி செய்வதுதான் அந்தப் பொறுப்பைக் கரைக்கிறது. களியக்காவிளைப் பக்கம் ஒரு கிடங்கில் நான் ஆலோசகராக இருந்தபோது, இரவில் லாரி வழியில் நின்றுவிட்டது. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால் ஈ-வே பில்லின் ‘பி’ பகுதியில் புது வண்டி எண்ணைப் பதிய வேண்டும். பில் போடும் பையன் சிறிது நேரத்திலேயே அந்த எண்ணை வாங்கி எழுதி வைத்துவிட்டான். ஆனால் கடவுச்சொல்லும் ஓடிபியும் மேலாளரிடம் இருந்தன. அவரோ கல்யாண வீட்டில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. நான்கு மணி நேரம் கழித்து அவரே பதிந்தார், மறுநாள் பையனைத் திட்டவும் செய்தார். அதன் பிறகு அந்தப் பையன் எண்களைச் சரிபார்ப்பதையே விட்டுவிட்டான். “எப்படியும் சார் பார்ப்பார்” என்றான். அதனால் தவறு கூடியது. அதைக் கண்ட மேலாளர், தாம் சந்தேகப்பட்டது சரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

உங்கள் கிடங்கிலும் இதுதான் நடக்கிறதா என்று அறிய, ஒரு வாரம் நீங்கள் செய்யும் திருத்தங்களைக் குறித்து வையுங்கள். அவற்றில் பாதி உங்கள் வழக்கத்துக்காகச் செய்தவையாக இருந்தால், குறை பையன்களிடம் இல்லை.

முதலில் ஈ-வே பில்லை மட்டும் ஒருவரிடம் முழுமையாகக் கொடுங்கள். ஈ-வே பில் இணையதளத்தில் அவர் பெயரில் சப்-யூசர் கணக்கு உருவாக்கி, அவருடைய கைபேசி எண்ணையே பதியுங்கள். ஓடிபி அவருக்கே வரும். யார் எதைப் பதிந்தார் என்பதும் தெரியும். ஒரு மாதம் வரை, பில் போன பிறகு தினமும் இரண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். போகும் முன் பார்க்காதீர்கள். வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் பிசகினால், மாநிலம் விட்டுப் போகும் சரக்குக்கு அபராதம் 1,000 ரூபாய்தான். பில்லே இல்லாமல் வண்டி பிடிபடுவதுதான் பெரிய இழப்பு.

வேலைப்பளு தாங்காமல் உங்கள் கடவுச்சொல்லை லாரி புரோக்கரிடமோ, “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வரும் ஏஜெண்டிடமோ தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். சொந்த ஆளை நம்பாதவர்கள்தான் பெரும்பாலும் இந்த வலையில் விழுகிறார்கள். அந்தக் கணக்கில் உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் சரக்குக்குப் பில் போடப்பட்டால், பதில் சொல்ல வேண்டியது உங்கள் நிறுவனம்தான். லாரி சர்வீஸ் வைத்திருப்பவர் வண்டி எண்ணை மாற்ற, பில்லில் அவருடைய டிரான்ஸ்போர்ட்டர் ஐடி இருந்தாலே போதும்.

வங்கிப் பணம் அனுப்புவதை மட்டும் முழுதாகக் கைமாற்ற வேண்டாம். அதிலும் விவரங்களைப் பதிவது பையனாகவும் இறுதி ஒப்புதல் தருவது நீங்களாகவும் இருக்கட்டும். பெரும்பாலான வங்கிகளின் நிறுவனக் கணக்குகளில் இந்த இரட்டை ஏற்பாடு உண்டு. நீங்களே பதிந்து நீங்களே ஒப்புதல் தந்தால், உங்கள் தவறைப் பிடிக்க ஒருவரும் இல்லை.

நன்றாக பில் போட்டவரை மேலாளராக்கி, வேலையைப் பிரித்துக் கொடுக்க ஒரு நாள்கூடக் கற்றுத் தராமல், பழியை மட்டும் அவர் தலையில் கட்டும் முதலாளிகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆகவே ஈ-வே பில்லைக் கைமாற்றும் முன், அந்த 1,000 ரூபாய்த் தவறு வந்தால் யாரையும் திட்டுவதில்லை என்று உங்கள் முதலாளியிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.