முறைப்பாட்டை இன்பொக்ஸுக்குக் கொண்டு போவது எப்படி? கேள்வி பதில்

உப்புவெளியில் ஒரு விடுதியின் பேஸ்புக் பக்கத்துக்கும், கடற்கரையில் தொழில் செய்யும் இரண்டு மூன்று பேரின் பக்கங்களுக்கும் பல வருசமாக நான்தான் பதில் எழுதுகிறேன். கொமென்டில் வரும் முறைப்பாடு பற்றி மட்டும் கேளுங்கள். விளம்பரம் போடுவது எனக்குத் தெரியாத வேலை.

நிலாவெளி படகுக்காரர்: அக்கா, போன ஞாயிறு காற்று, புறாத்தீவுக்கு ஓடேல்ல. ஆறு பேரின் முற்பணம் 6000 ரூபா என்னட்ட இருக்கு. “காசை அமுக்கிட்டாங்கள்” என்று அதில ஒருத்தர் கொமென்ட் போட்டார். நான் “இன்பொக்ஸ் வாங்கோ” என்று போட்டேன். இப்ப அதுக்குக் கீழே பதினாலு கொமென்ட்.

தம்பி, அந்தப் பதினாலு பேரும் உங்கள் படகைக் கண்டவர்களாகக்கூட இருக்க மாட்டார்கள். அவர்கள் கண்டது இரண்டு வரி. ஒருவர் காசு போய்விட்டது என்கிறார், மற்றவர் தனியாக வா என்கிறார். காசு இருக்கிறதா, தருவீர்களா என்பதற்கு எங்கேயும் பதில் இல்லை. அதனால் பதிலை அவர்களே எழுதிவிட்டார்கள்.

உங்கள் பழைய வரியை அழிக்க வேண்டாம். யாராவது ஏற்கனவே படம் எடுத்து வைத்திருப்பார்கள். அதே கொமென்டுக்குக் கீழே இன்றைக்கே இப்படி எழுதுங்கள்:

“வணக்கம் அண்ணா. ஞாயிறு காலை காற்று கடுமையாக இருந்ததால் எங்கள் படகு ஓடவில்லை. உங்கள் ஆறு பேரின் முற்பணம் எங்களிடம் இருக்கிறது, அது உங்களுக்குத் திரும்பி வர வேண்டிய காசு. உடனே சொல்லாதது எங்கள் பிழை. வங்கிக் கணக்கு எண்ணை இங்கே எழுத வேண்டாம் என்பதற்காக, இந்தப் பக்கத்திலிருந்தே உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறோம். விபரம் கிடைத்த அடுத்த நாள் மாலை 5 மணிக்குள் காசைப் போட்டுவிட்டு இங்கேயே சொல்கிறோம்.”

என்ன நடந்தது என்பதைப் பொதுவிலேயே சொல்லிவிட்டீர்கள். தனியாகப் போவதற்கான காரணம் கணக்கு எண் ஒன்றுதான், அது வாசிக்கிற எவருக்கும் நியாயமாகப் படும். திரும்பி வந்து சொல்வதற்கு ஒரு நேரமும் குறித்துவிட்டீர்கள். இனி ஒளிக்கிறார்கள் என்று சொல்ல வருகிறவர் அந்த நேரம் வரைக்குமாவது பொறுக்க வேண்டும்.

எது வெளியில், எது உள்ளே என்பதை நான் பிரிக்கிற விதம் இதுதான்: எல்லா வாடிக்கையாளருக்கும் பொருந்துவது வெளியில், அந்த ஒருவருக்கு மட்டும் உரியது உள்ளே. காற்று அடித்தால் முற்பணம் திரும்புமா என்பது நாளைக்கு வரப்போகிறவருக்கும் வேண்டிய பதில், ஆகவே அது வெளியில். கணக்கு எண், தொலைபேசி எண், பற்றுச்சீட்டுப் படம், யாருடன் வந்தார் என்பதெல்லாம் உள்ளே. புறாத்தீவு நுழைவுச்சீட்டுக் காசு வனஜீவராசிகள் திணைக்களத்துக்குப் போகிறது, படகுக் காசு வேறு. பலருக்கு இது தெரியாது, இரண்டையும் சேர்த்து உங்களிடம் கேட்பார்கள். அதையும் வெளியிலேயே விளக்குங்கள்.

அப்புறம் அந்தச் செய்தி. அவருடைய கொமென்டுக்குக் கீழே Message என்று இருக்கும், அதை அழுத்தி அனுப்புங்கள். ஒரு கொமென்டுக்கு ஒரு செய்திதான் அப்படிப் போகும், அதுவும் கொமென்ட் விழுந்து 7 நாளைக்குள். அவர் பதில் போடும்வரை இரண்டாவது அனுப்ப முடியாது. ஆகவே அந்த ஒன்றை “ஹலோ” என்று வீணாக்காதீர்கள். “என்ன பிரச்சினை அண்ணா?” என்றும் தொடங்காதீர்கள், அவர் ஏற்கனவே நூறு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டார். “ஞாயிறு முற்பணம் 6000 ரூபா திருப்பி அனுப்ப வேண்டும். வங்கியின் பெயர், கிளை, கணக்கு எண் தாருங்கள்” என்று நேரே எழுதுங்கள். சிலருக்கு அது Message requests இல் போய் விழும், அவர் காணவே மாட்டார். அங்கேயும் பாருங்கள் என்று வெளியில் ஒரு சொல் போட்டு வையுங்கள்.

காசு போட்ட பிறகு அதே கொமென்டுக்குக் கீழே: “அண்ணா, முற்பணம் முழுவதையும் இன்று உங்கள் கணக்கில் போட்டுவிட்டோம். வந்து சேராவிட்டால் இங்கேயே சொல்லுங்கள்.” முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். உள்ளே எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும், வெளியில் “காசை அமுக்கிட்டாங்கள்” என்பது மட்டும் நிற்கும்.

மத்திய வீதி பேக்கரி: நான் Hide comment தான் அழுத்துறது. போட்டவருக்கு அவர்ட கொமென்ட் தெரியும், அதனால சண்டைக்கு வரமாட்டார். மற்ற ஆக்களுக்குத் தெரியாது. இதைவிட லேசான வழி இருக்கா?

நீங்கள் சொல்வதில் பாதி சரி. அவருக்கும் தெரியும், அவருடைய பேஸ்புக் நண்பர்களுக்கும் தெரியும். திருகோணமலை மாதிரி ஒரு ஊரில் உங்கள் பேக்கரிக்கு வருகிறவர்கள் யார்? அவருடைய நண்பர்களும் அயலட்டையும்தானே. அவர் அதை வேறு ஒருவரின் போனில் தேடிப் பார்க்கும் நாளில், கேக் பற்றிய முறைப்பாடு முடிந்து மறைத்த கதை தொடங்கும். அது படத்தோடு வரும்.

நான் மறைப்பது இரண்டைத்தான். தூஷண வார்த்தை, அடுத்தது யாருடைய தொலைபேசி எண்ணோ அடையாள அட்டை எண்ணோ வெளியில் கிடப்பது. அப்படி மறைத்தாலும் பதிவுக்குக் கீழே தனிக் கொமென்டாக எழுதிவிடுவேன்: “உங்கள் எண் எல்லோருக்கும் தெரிந்ததால் அந்தக் கொமென்டை மறைத்தோம். முறைப்பாடு கிடைத்தது, கேக் ஒரு நாள் பழையது என்பதுதான் முறைப்பாடு.” மறைத்ததைச் சொல்லிவிட்டால் அதை வைத்து ஒருவரும் கதை கட்ட முடியாது.

தம்பலகாமத்திலிருந்து: எனக்கும் இதுதான் பிரச்சினை. டவுனில் ஒரு கடையில் வாங்கின போன் ரெண்டு கிழமையில் பழுது. கொமென்ட் போட்டேன், இன்பொக்ஸ் வரச் சொன்னாங்கள், போனேன், பார்த்திட்டுப் பேசாம இருக்கிறாங்கள்.

ஐயா, இங்கே கடைக்காரர் பக்கத்துக் கேள்விகளைத்தான் பார்க்கிறோம். ஆனால் உங்களைச் சும்மா அனுப்ப மனமில்லை. பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, அந்த இன்பொக்ஸ் உரையாடலின் படம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ணில் அழையுங்கள். அதற்கு முன் உங்கள் பழைய கொமென்டுக்குக் கீழே திகதியோடு ஒரு வரி போடுங்கள்: “இன்பொக்ஸ் வந்தேன், பதில் இல்லை.”

உப்புவெளி சாப்பாட்டுக்கடை: “இன்பொக்ஸ் பண்ணுங்கோ” என்று மட்டும் போட்டா காணாதா?

காணாது. படகுத் தம்பிக்கு எழுதியதை வாசியுங்கள்.

மூதூர், கணக்கு வேலை செய்பவர்: நீங்கள் சொல்வதை ஏற்க முடியாது. காசு திருப்பிக் கொடுத்தோம் என்று வெளியில் எழுதினால் நாளைக்குப் பத்துப் பேர் அதையே காட்டிக் கேட்பார்கள். உள்ளே முடித்தது உள்ளேயே இருக்க வேண்டும்.

அண்ணா, கேட்கட்டும். காற்றினால் படகு ஓடாத எல்லோருக்கும் அந்தக் காசு உரியதுதானே?

மூதூர்: அது படகு. என் மச்சானின் விடுதியில் ஏசி வேலை செய்யவில்லை என்று ஒருவருக்கு இரக்கப்பட்டுப் பாதிக் காசு கொடுத்தார். அதை எழுதினார். அடுத்த மாதம் மூன்று பேருக்கு ஏசி வேலை செய்யவில்லை.

நிலாவெளி படகுக்காரர்: அண்ணை, உண்மையிலேயே ஏசி பழுதா இருந்திருக்கலாமே? திருத்தினவரா?

மூதூர்: ஒரு அறையில் திருத்தினார்.

தையல்கடைத் தங்கச்சி: நான் தொகையை எழுத மாட்டேன் அக்கா. “பேசி முடித்துவிட்டோம்” என்று மட்டும் போடுவேன். ஆனா ஒருக்கா அந்தப் பிள்ளை கீழ வந்து “என்ன முடிஞ்சது? எனக்கு ஒண்டும் தரேல்ல” என்று எழுதினா.

தங்கச்சி, அந்த வரியின் ஆபத்து அதுதான். உங்களுக்கு முடிந்தது அவருக்கு முடியாமல் இருக்கலாம். வெளியில் எழுத முன் உள்ளே கேளுங்கள்: “இப்படி எழுதப் போகிறேன், சரியா?” அவர் சரி என்ற பிறகு எழுதுங்கள்.

மூதூர் அண்ணா, உங்கள் மச்சானின் கதையைத் தட்டிக்கழிக்க மாட்டேன். திருப்பித் தர வேண்டிய காசும் இரக்கத்துக்குக் கொடுக்கும் காசும் வேறு வேறு. முதலாவதை நான் வெளியில் எழுதுவேன். இரண்டாவதில் தொகையை விட்டுவிட்டு, செய்த வேலையை எழுதுவேன்: “அந்த அறையின் ஏசியைத் திருத்திவிட்டோம், விருந்தினரோடும் பேசிவிட்டோம்.” அதை வைத்து யாரும் காசு கேட்க முடியாது, ஒளித்தோம் என்றும் சொல்ல முடியாது.

மூதூர்: பேசிவிட்டோம் என்றாலே காசு என்றுதான் சனம் நினைக்கும்.

நினைக்கிறவர்கள் இருப்பார்கள். இதில் உங்களை என் பக்கம் திருப்ப என்னிடம் வேறு நியாயம் இல்லை.

கிண்ணியாவிலிருந்து: கூகுள் ரிவியூவில் இதை எப்படிச் செய்யிறது?

அங்கே தனியாகச் செய்தி அனுப்பும் வழியே இல்லை, உங்கள் பதில் வெளியில்தான் நிற்கும். கடையின் எண்ணைப் போட்டு, அழைக்கும்போது யாரைக் கேட்க வேண்டும் என்றும் எழுதுங்கள். முடிந்த பிறகு அதே பதிலைத் திருத்தி முடிவைச் சேருங்கள்.

டொக்யார்ட் வீதி விடுதி: “உங்கட போன் நம்பரைப் போடுங்கோ, நாங்க எடுக்கிறம்” என்று கொமென்டில் கேக்கலாம்தானே அக்கா?

கேட்கவே கேட்காதீர்கள். விருந்தினர் எண்ணை வெளியில் போட்ட உடனே, உங்கள் பக்கத்தின் பெயரும் படமும் வைத்த ஒரு போலிக் கணக்கு அவரோடு பேசத் தொடங்கும். நான் பார்க்கும் ஒரு பக்கத்திலேயே இது நடந்தது. காசு திரும்ப வேண்டும் என்று ஒரு அம்மா கொமென்ட் போட்டு எண்ணையும் எழுதினா. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எங்கள் பெயரில் ஒருவன் அவவிடம் வங்கியிலிருந்து வந்த ஓடிபியைக் கேட்டுவிட்டான். அவ அதைச் சொல்லாமல் எங்களுக்கு எடுத்துக் கேட்டதால் தப்பினா. காசுக்காகக் காத்திருக்கிறவரிடம் காசு தருகிறோம் என்று வருகிறவனை அவர் நம்பத்தான் செய்வார். அன்றிலிருந்து இன்பொக்ஸுக்கு அழைக்கும் ஒவ்வொரு பதிலிலும் ஒரு வரி சேர்க்கிறேன்: “இந்தப் பக்கத்திலிருந்து மட்டுமே எழுதுவோம். ஓடிபியோ அட்டை எண்ணோ கேட்க மாட்டோம்.”

ஆறாம் கட்டை பலசரக்குக்கடை: முதல்ல இன்பொக்ஸ்ல பேசி முடிச்சிட்டு, பிறகு வெளியில பதில் போட்டா என்ன?

வெளியில் முதல். இதை இன்றைக்கு எத்தனை தடவை எழுதிவிட்டேன்! நீங்கள் உள்ளே பேசும் இரண்டு மணித்தியாலமும் வெளியில் அந்த முறைப்பாடு பதில் இல்லாமல் கிடக்கும்.

நிலாவெளி படகுக்காரர்: அக்கா, நீங்க சொன்ன மாதிரியே எழுதினேன். அவர் கணக்கு எண் தந்தார், காசும் போட்டாச்சு, வெளியிலயும் எழுதிட்டேன். அவர் லைக் மட்டும் போட்டார். “காசை அமுக்கிட்டாங்கள்” அப்படியே கிடக்கு. அழிக்கச் சொல்லிக் கேக்கட்டா?

கேட்காதீர்கள். காசைக் கொடுத்து வாயை மூடச் சொன்னார்கள் என்று அவர் அந்தச் செய்தியையே படம் எடுத்துப் போட முடியும். அந்தக் கொமென்ட் அங்கேயே கிடக்கட்டும், கீழே உங்கள் பதில் இருக்கிறது, அதன் மேல் அவருடைய லைக்கும் இருக்கிறது. அந்தப் பதினாலு பேரில் உண்மையாகக் கேள்வி கேட்டவர் யாராவது இருந்தால் அவருக்கும் ஒரு வரி பதில் போடுங்கள். திட்டியவர்களை விடுங்கள்.