தருமிக்கு ஏன் வயதாகவில்லை?

வணக்கம் ஐயா. எங்கள் வீட்டில் ‘திருவிளையாடல்’ போட்டால் அம்மம்மாவும் பத்து வயது மகளும் சேர்ந்து பார்க்கிறார்கள். எனக்கு அது நாடகத்தைப் படம் பிடித்தது போலத்தான் தெரிகிறது. கிராபிக்ஸ் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதில் என்ன பிடிக்கிறது?
— வாசகி, களுவாஞ்சிகுடி

வணக்கம் தங்கச்சி,

நாடகம்தான். இயக்குநர் ஏ.பி. நாகராசன் டி.கே.எஸ். சகோதரர்கள் குழுவில் பெண் வேடம் கட்டி வளர்ந்தவர். 1965இல் இந்தப் படத்தை எடுத்தபோதும் மேடையை அவர் விடவில்லை. அதனால்தான் உங்கள் மகள் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன்.

தருமி வரும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியனின் சந்தேகத்தைத் தீர்த்தால் ஆயிரம் பொன். பாட்டு எழுதத் தெரியாத ஏழைப் புலவன் கோயிலில் தனியே நின்று புலம்புகிறான். தான் யார், தன் குறை என்ன என்பதை அவனே சொல்லிவிடுகிறான். நம் கூத்துக் களரியில் வரவுப் பாட்டு செய்கிற வேலை இதுதான். முந்தின காட்சியைத் தவறவிட்டவரும் இங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம். அப்புறம் சிவன் புலவராக வருகிறார். தருமி கேட்க, அவர் பதில் சொல்ல, கேள்வி ஓடுகிறது. நாகேஷ் ஓரிடத்தில் நிற்க மாட்டார், வளைவார், நெளிவார். சிவாஜி அசையாமல் நிற்பார். சொல் புரியாத குழந்தைக்கு அந்த உடம்பு போதும். சொல் தெரிந்த அம்மம்மாவுக்கு அடுத்த பதில் முன்கூட்டியே வாயில் வந்துவிடும்.

சபையில் நக்கீரர் குற்றம் சொல்வதும் அப்படித்தான். (நக்கீரராக நடித்தவர் நாகராசனே.) கடவுளே வந்தாலும் குற்றம் குற்றம்தான் என்று நிற்கும் புலவரைப் பார்க்க பக்தி வேண்டியதில்லை. நெற்றிக்கண் திறப்பதற்கு முன்பே சண்டை குரலில் முற்றிவிடுகிறது. கோயில் திருவிழாக்களில் இந்தக் கதை வசனத்தை ஒலிபெருக்கியில் போட்டபோது திரையே இல்லை, ஆனாலும் சனம் இருந்து கேட்டது.

அதே படத்தில் மீனவப் பெண் கதை எனக்கு இழுவை. கடலையும் சுறாவையும் கேமரா காட்டியாக வேண்டும். அன்றைய தந்திரக் காட்சி இன்று பல்லிளிக்கிறது. உங்கள் மகள் அந்த இடத்தில் எழுந்து போகிறாளா என்று பாருங்கள். பிற்கால அம்மன் படங்கள் பலவும் முழுக்க இப்படிக் காட்சியை நம்பியவை, அதனால் சீக்கிரம் பழசாகிவிட்டன.

இன்னொன்று, கதை தெரிந்திருப்பது இங்கே குறை ஆகாது. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில் பாண்டவர் வனவாசம் போவதை ஆண்டுதோறும் பார்க்கிற சனம் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை, இம்முறை எப்படிச் செய்கிறார்கள் என்றுதான் பார்க்கிறது. முருகனுக்குப் பார்வதி சொல்கிற நான்கு தனிக் கதைகளாக ‘திருவிளையாடல்’ அமைந்திருப்பதும் இதற்குத் தோது. அம்மம்மா இடையில் அடுப்படிக்குப் போய் வந்தாலும் எதையும் இழப்பதில்லை.