எத்தனை கிலோ குறைத்தால் முழங்கால் வலி குறையும்?

கேள்வி: எனக்கு வயது 54. உயரம் 155 செ.மீ., எடை 84 கிலோ. மாதுங்காவில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஒரு வருடமாக இரண்டு முழங்காலிலும் வலி. படி இறங்கும்போதுதான் உயிர் போகிறது. இப்போது வலது இடுப்பின் பக்கவாட்டிலும் வலி, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் “தேய்மானம்தான், எடையைக் குறைங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். நடந்தால்தானே எடை குறையும், நடந்தால்தானே வலிக்கிறது? தேய்ந்த மூட்டு எடை குறைந்தால் சரியாகிவிடுமா? பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் நாலு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. வீட்டில் மூன்று பேர், மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் ஆகிறது.
– வாசகி, மும்பை

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. பத்து கிலோ குறைத்துவிட்டு மறுபடி எக்ஸ்ரே எடுத்தாலும் படம் ஏறக்குறைய இதேபோலத்தான் இருக்கும். ஆனால் வலி அந்தப் படத்தைப் பார்த்து வருவதில்லை. எக்ஸ்ரேயில் மோசமாகத் தேய்ந்திருந்தும் சிரமம் இல்லாமல் நடப்பவர்கள் இருக்கிறார்கள். லேசான தேய்மானத்திலேயே படி இறங்க முடியாமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். எடை குறையும்போது மாறுவது வலியும் நடமாட்டமும்தான்.

நிற்கும்போது 84 கிலோவை இரண்டு கால்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு கால் மட்டுமே தரையில் இருக்கும் நேரம் வருகிறது. அப்போது உடல் சரியாமல் பிடித்து நிறுத்த தொடைத் தசைகள் இறுக்கி இழுக்கும். அந்த இழுப்பும் மூட்டின் மேல்தான் விழுகிறது. அதனால் சமதரையில் நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு சுமை ஏறுகிறது. படி இறங்கும்போது அது மூன்றரை மடங்கு வரை போகும். உங்கள் எடைக்குக் கணக்கிட்டால் ஒரு படிக்கு ஏறக்குறைய 290 கிலோ. ஏறுவதைவிட இறங்குவது உயிரை எடுப்பதற்குக் காரணம் இதுதான். இறங்கும்போது மடங்கிய முழங்கால் ஒன்றே முழு உடம்பையும் மெதுவாகக் கீழே விட வேண்டியிருக்கிறது.

இந்தப் பெருக்கல் எடை குறையும்போது நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. அதிக எடையும் முழங்கால் தேய்மானமும் உள்ள முதியவர்களை நடக்கவைத்து அளந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2005இல் வெளியானது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று அதில் தெரிந்தது. நீங்கள் எட்டு கிலோ குறைத்தால் அடிக்கு 32 கிலோ. ஒரு நாளில் வீட்டுக்குள்ளும் வெளியிலுமாக மூவாயிரம் அடி வைக்கிறீர்கள் என்றால் ஒரு காலுக்கு ஆயிரத்து ஐந்நூறு அடி. அந்த ஒரு முழங்காலுக்கு ஒரே நாளில் 48 டன் சுமை மிச்சம்.

எடை கூடினால் கெடுதல் சுமையால் மட்டும் வருவதில்லை. அதிக எடை உள்ளவர்களுக்கு விரல் மூட்டுகளிலும் தேய்மானம் கூடுதலாக வருகிறது, கையால் யாரும் நடப்பதில்லையே! கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருப்பது இதற்கு ஒரு காரணம். எடை குறையும்போது அதுவும் தணிகிறது.

எட்டு கிலோ என்று நான் சொன்னது குத்துமதிப்பாக அல்ல. அது உங்கள் எடையில் ஏறக்குறைய பத்து சதவீதம். ஐந்து சதவீதம் குறைந்தாலே, அதாவது 80 கிலோவுக்கு வந்தாலே, பலருக்கு வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் வலி நன்றாகக் குறைவது பத்தைத் தொடும்போதுதான். 55 வயதுக்கு மேற்பட்ட 454 பேரை ஒன்றரை வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. அதில் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்கள் சராசரியாகப் பத்து கிலோவுக்குச் சற்று அதிகமாகக் குறைந்தார்கள், அவர்களுடைய வலி ஏறக்குறைய பாதியானது. ஒன்றை மட்டும் செய்தவர்களைவிட அவர்கள் மேலாக இருந்தார்கள். உங்கள் உயரத்துக்குச் சரியான எடை 55 கிலோ என்று யாராவது சொன்னால் அதை இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நம் இலக்கு 76. ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடக்காமல் எப்படிக் குறைப்பது? எடை குறைவது பெரும்பாலும் சாப்பாட்டில்தான், நடையில் இல்லை. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாலு காபியில் எட்டு ஸ்பூன் சர்க்கரை, சுமார் 160 கலோரி. மாதத்துக்கு 4,800. ஒரு கிலோ கொழுப்பு குறைய ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். ஆக, சர்க்கரையை மட்டும் நிறுத்தினாலே கணக்குப்படி மாதம் அரை கிலோவுக்கு மேல். அப்புறம் எண்ணெய். தலைக்கு மாதம் ஒரு லிட்டர் என்பது இரட்டிப்பு. அரை லிட்டர் தாராளமாகப் போதும். அந்த அரை லிட்டரில் நாலாயிரம் கலோரிக்கு மேல் இருக்கிறது, அதாவது இன்னொரு அரை கிலோ. மாதத் தொடக்கத்தில் மூன்று பேருக்கும் ஒன்றரை லிட்டரைத் தனியாக அளந்து வைத்துவிட்டு அதற்குள் சமையுங்கள். கரண்டியில் பார்த்துக் குறைப்பதைவிட இது நடக்கிற காரியம். போகப் போக உடம்பும் செலவைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் கணக்கில் வருவது முழுதாகக் கிடைக்காது. அதற்கு ஈடாக மாலை வடாபாவையும் இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும் சாதத்தையும் விடலாம்.

பட்டினி மட்டும் வேண்டாம். ஒரு மாதம் கஞ்சியும் சூப்புமாக இருந்து ஏழெட்டு கிலோ குறைத்துக்கொண்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். தராசு சந்தோஷமாக இருக்கும், முழங்கால் இருக்காது. வேகமாகக் குறையும் எடையில் கொழுப்போடு தசையும் போகிறது. தொடையின் முன்பக்கத் தசைதான் ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்வது. அது இளைத்தால் அந்த வேலை மூட்டின் தலையில் விழும். இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். மாதம் ஒரு முறை செய்யுங்கள். எடை குறைந்து இந்த எண்ணிக்கையும் குறைந்தால் தசை போகிறது என்று பொருள். பருப்பு, சுண்டல், தயிர், பனீர், பழக்கம் இருந்தால் முட்டை, இவற்றில் ஏதாவது ஒன்று மூன்று வேளையும் தட்டில் இருக்கட்டும்.

பயிற்சியையும் அதே நாற்காலியில் தொடங்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்து முறை எழுந்து உட்கார்வது, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து, மறுபடி பத்து. சிரமமாக இருந்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். இரண்டு வாரத்தில் எடுத்துவிடலாம். செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வராவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். ஒரு மாதம் கழித்து சமதரையில் பத்துப் பத்து நிமிடமாக நடை. ஃபைவ் கார்டன்ஸ் பக்கத்தில் இருக்கிறது, உட்கார இடமும் உண்டு. மழைக்காலத்தில் வீட்டு வராந்தாவே போதும்.

மூன்று மாடியை மாற்ற முடியாது, ஏறும் விதத்தை மாற்றலாம். ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலி அதிகமான கால் முதலில், ஒரு கை எப்போதும் கைப்பிடியில். ஐந்து கிலோ அரிசிப் பையோடு இறங்கினால் உங்கள் எடை 89 ஆகிவிடுகிறது. மும்பையில் கடைக்காரரே வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறாரே, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி இடுப்பு. ஒற்றைக் காலில் நிற்கும்போது உடம்பின் எடை இடுப்பு மூட்டுக்கு உள்பக்கம் தள்ளி விழுகிறது. அது சாயாமல் வெளிப்பக்கத்திலிருந்து பிட்டத் தசை இழுத்துப் பிடிக்கிறது. சீசா பலகையில் நடுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எதிர்முனையில் இருப்பவரைத் தூக்கப் படும் பாடு அந்தத் தசைக்கு. ஏனென்றால் அதற்குக் கிடைத்திருப்பது குட்டை முனை. உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையில் அது இழுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் உங்கள் வலி மூட்டுக்குள் இருப்பதாகத் தோன்றவில்லை. இடுப்பு மூட்டு தேய்ந்தால் வலி தொடை இடுக்கில் வரும். சம்மணம் போடவும் கால் நகம் வெட்டவும் முடியாது. சில சமயம் முழங்காலில் மட்டும் வலித்து ஏமாற்றும். பக்கவாட்டில் வலி, அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்றால், நான் சொன்ன பிட்டத் தசையின் நாண் எலும்போடு சேரும் இடத்தில் புண்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் வயதுப் பெண்களுக்கு இது சகஜம். இடது பக்கம் படுத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வையுங்கள். வரிசையில் நிற்கும்போது ஒரு பக்கம் இடுப்பைச் சாய்த்து நிற்காதீர்கள். கால் மேல் கால் போட வேண்டாம். ஆறு வாரத்தில் குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

இடுப்பு மூட்டே தேய்ந்தவர்களுக்கு எடை குறைப்பதன் பலன் முழங்காலில் தெரிகிற அளவு உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. எடைக்கும் தேய்மானத்துக்கும் உள்ள தொடர்பே முழங்காலில்தான் வலுவானது. அதனால் எடை குறைந்தும் இடுக்கில் வலி நீடித்தால், இன்னும் குறைக்க வேண்டும் போலிருக்கிறது என்று காத்திருக்காமல் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

முழங்கால் திடீரென்று வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால், மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டால், விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டால், அது தேய்மானக் கணக்கில் வராது, அன்றே பார்க்க வேண்டும். வலி மாத்திரையைக் கடையில் வாங்கித் தினமும் போடாதீர்கள். பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவுவது அதைவிடப் பாதுகாப்பு. இன்னொன்று, எடை குறையக் குறைய பிரஷரும் இறங்கும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், உங்கள் மருத்துவரிடம் பிரஷரைக் காட்டி மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.